ஈசினோபில் கூடினால் அலர்ஜி மட்டும்தானா? சுங்கை சிப்புட்டில் என் அத்தைக்கு நடந்தது

என் அத்தைக்கு அறுபத்தேழு வயது. இளமையில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு புல் வெட்டினார், உரம் போட்டார், உதிர்ந்த பழம் பொறுக்கினார். பணி ஓய்வுக்குப் பிறகு சுங்கை சிப்புட்டில் மகன் வீட்டுக்குக் குடிவந்துவிட்டார். வீட்டின் பின்புறம் இருக்கும் ஒரு துண்டு நிலத்தில் கீரையும் மரவள்ளியும் போட்டு இன்னும் மண்ணோடுதான் இருக்கிறார். வாழ்நாள் முழுவதும் மூச்சுத்திணறல் என்றால் என்னவென்றே அறியாத அவருக்கு, அறுபத்தைந்தைத் தாண்டிய பிறகு இரவில் இருமலும் இழுப்பும் வரத் தொடங்கின.

ஒரு கிளினிக்கில் ஆஸ்துமா என்றார்கள். இழுப்பு கூடும்போதெல்லாம் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடும் நாட்களில் கொஞ்சம் தேறுவார். நிறுத்தியதும் முன்பைவிட மோசமாக வரும். மறுபடியும் அதே மாத்திரை. அப்படி ஒருமுறை மருந்தோடு வந்தவர், கிளினிக்கில் எழுதிக்கொடுத்த இரத்தப் பரிசோதனைக்காக நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். மாத்திரையை இன்னும் தொடங்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் ஸ்டீராய்டு உள்ளே போன சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் ஈசினோபில் என்னும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சரிந்துவிடும். அப்போது பரிசோதித்தால் எதுவும் தெரிந்திருக்காது.

அறிக்கை வந்தது. வெள்ளை அணுக்கள் மொத்தம் லிட்டருக்கு 11.2 × 10⁹. அதில் ஈசினோபில் 21 விழுக்காடு.

எங்கள் கூடத்துக்கு வருகிறவர்களில் பலர் விழுக்காட்டை மட்டும் பார்த்துவிட்டுப் பயப்படுகிறார்கள், அல்லது அதை மட்டும் பார்த்து நிம்மதி அடைகிறார்கள். விழுக்காடு தனியாக ஒன்றும் சொல்லாது. மொத்த வெள்ளை அணுவோடு பெருக்கிப் பார்க்கவேண்டும். அத்தைக்கு 11.2 × 0.21 = 2.35, அதாவது ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 2,350 ஈசினோபில். 500 வரை இயல்பு. 500க்கும் 1,500க்கும் இடையில் இருந்தால் லேசான உயர்வு. 1,500ஐத் தாண்டினால் காரணத்தைத் தேடாமல் விடக்கூடாது. 5,000க்கு மேல் கடுமையானது. வேறொருவருக்கு 8 விழுக்காடு என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கும். அவருடைய மொத்த வெள்ளை அணு 4.0தான் என்றால் கணக்கு 320தான் வரும். அது இயல்பு. அவர் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஈசினோபில் எலும்பு மஜ்ஜையில் உருவாகும் ஒரு வகை வெள்ளை அணு. பெரும்பகுதி இரத்தத்தில் தங்குவதில்லை. குடல் போன்ற திசுக்களுக்குப் போய் அங்கேயே வேலை செய்கிறது. நாம் எண்ணுவது வழியில் போய்க்கொண்டிருப்பவற்றை மட்டும். உடலுக்குள் புழு நுழைந்தாலும், தூசியோ பூஞ்சையோ அலர்ஜியைக் கிளப்பினாலும், உடல் ஏறத்தாழ ஒரே வகை வேதிச் சமிக்ஞைகளை அனுப்பி ஈசினோபிலை வரவழைக்கிறது. இரண்டு வீட்டுக்கும் ஒரே அழைப்பு மணி. மணி அடிப்பது கேட்கும், எந்த வாசலில் ஆள் நிற்கிறார் என்று தெரியாது. ஆகவே ஈசினோபிலியா ஒரு நோயின் பெயரல்ல, ஓர் அடையாளம். தமிழ்நாட்டு உறவினர்கள் "எனக்கு ஈஸ்னோபிலியா இருக்கிறது, அதற்கு மாத்திரை சாப்பிட்டேன்" என்று சொல்வது பெரும்பாலும் யானைக்கால் புழுவுக்கு நுரையீரல் காட்டும் அலர்ஜியைக் குறித்து. அதில் இரவு இருமல் வரும், எண்ணிக்கை பொதுவாக 3,000ஐத் தாண்டிவிடும். அது இந்த அடையாளத்தின் பல காரணங்களில் ஒன்று மட்டுமே.

அண்டை வீட்டுப் பையனுக்கும் அதே மாதம் இரத்தம் பார்த்தோம். ஒன்பது வயது. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கில் நீர், முழங்கை மடிப்பில் சிறுவயதிலிருந்தே சொறி. மொத்தம் 8.0, ஈசினோபில் 9 விழுக்காடு. கணக்கு 720. இந்தக் கதையும் இந்த எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. மூக்கு அலர்ஜி, தோல் அலர்ஜி, ஆஸ்துமா ஆகியவற்றில் பெரும்பாலும் இந்த அளவில்தான் உயரும். சாதாரண மூக்கு அலர்ஜி தனியாக ஒருவரை 2,000க்கு மேல் கொண்டுபோவது அரிது. ஆஸ்துமா சில சமயம் கொண்டுபோகலாம். ஆனால் வாழ்நாளில் இழுப்பே இல்லாத ஒரு தோட்டத் தொழிலாளிக்கு முதுமையில் திடீரென்று ஆஸ்துமா வந்து, அதுவும் ஸ்டீராய்டு நிறுத்தியதும் முன்பைவிடக் கூடுகிறது என்றால், வேறு வாசலையும் திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

அன்று மாலை அத்தையிடம், "இழுப்பு இப்போது தாங்குகிற அளவில்தானே இருக்கிறது? அந்த மாத்திரையைத் தொடங்கும் முன் இந்த அறிக்கையை ஆஸ்பத்திரியில் ஒரு முறை காட்டிவிடுவோம்" என்றேன். இதைச் சொல்லும்போதே ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன்: பேச முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், எதையும் யோசிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும், அங்கே கொடுக்கும் ஸ்டீராய்டை மறுக்கக்கூடாது. கடும் ஆஸ்துமாவில் அந்த மருந்து உயிரைக் காப்பது. அத்தை அந்த நிலையில் இல்லை என்பதால்தான் எங்களுக்குக் காத்திருக்க நேரம் இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா அறிக்கையை ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிவைத்தார். பிறகு கேள்விகள்தான். புதிதாக என்னென்ன மருந்து தொடங்கினீர்கள்? யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினால், வலிப்புக்கு கார்பமசெப்பின், சில ஆன்டிபயாடிக் ஆகியவையும் ஈசினோபிலைக் கூட்டும். அதோடு காய்ச்சலும், உடம்பெங்கும் தடிப்பும், முக வீக்கமும் சேர்ந்தால் அது ஆபத்தான மருந்து ஒவ்வாமை. மருந்து தொடங்கிச் சில வாரம் கழித்துக்கூட அது வரும். அத்தைக்கு இரத்த அழுத்த மாத்திரை ஒன்றுதான், அதுவும் பல ஆண்டுகளாக. அடுத்து நாய், பூனை வளர்ப்பு. அடுத்து, "வேலை செய்யும்போது காலில் என்ன போட்டிருந்தீர்கள் அம்மா?"

"பூட்ஸ் கொடுத்தது எல்லாம் பிறகுதானம்மா. பால் வெட்டும் காலத்தில் ஜப்பான் செருப்பு, மழையில் அதுவும் சேற்றில் மாட்டிக்கொள்ளும், கழற்றிக் கையில் வைத்துக்கொள்வோம். லயத்துப் பிள்ளைகளாக இருந்தபோது செருப்பு ஏது?"

"இடுப்பிலோ தொடையிலோ அரிப்பு வந்ததுண்டா?"

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் சொன்னார்: எத்தனையோ ஆண்டுகளாக அவ்வப்போது வரும், பின்புறத்திலும் தொடையிலும் சிவப்பாக ஒரு கோடு எழும்பும், மதியம் ஓரிடத்தில் இருந்தது சாயங்காலம் ஒரு சாண் தள்ளி இருக்கும், இரண்டொரு நாளில் தானே மறைந்துவிடும், சூடு என்று நினைத்து வேப்பெண்ணெய் போட்டுக்கொள்வேன் என்றார். நான் பல ஆண்டுகள் அவர் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஓடும் கோடுதான் டாக்டரம்மாவுக்கு வேண்டியிருந்தது. ஸ்ட்ரான்ஜிலாய்டிஸ் என்னும் நூல் போன்ற புழுவின் குட்டி, தோலுக்கடியில் ஒரு மணி நேரத்தில் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் வரை நகரும். தோலில் ஊரும் மற்றப் புழுக் குட்டிகள் அவ்வளவு வேகமாக ஓடுவதில்லை.

இந்தப் புழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. மலம் கலந்த ஈர மண்ணில் இருக்கும் இதன் குட்டிகள் வெறுங்கால் தோலைத் துளைத்து உள்ளே போகின்றன. இரத்தம் வழியே நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலில் குடியேறுகின்றன. நுரையீரலைக் கடக்கும்போது இருமலும் இழுப்பும் வரலாம். கொக்கிப்புழுவும் கால் வழியேதான் நுழைகிறது. உருளைப்புழு வாய் வழியே வந்தாலும் நுரையீரலைச் சுற்றிவிட்டுத்தான் குடலுக்குப் போகிறது. இவை திசுவுக்குள் பயணம் செய்வதால் ஈசினோபில் ஏறுகிறது. பிள்ளைகளுக்கு ஆசனவாயில் அரிக்கும் கீரிப்பூச்சியும், வயிற்றுக்கடுப்பு தரும் அமீபாவும் பொதுவாக ஈசினோபிலை உயர்த்துவதில்லை. அவற்றைக் காட்டி, "காரணம் கிடைத்துவிட்டது" என்று நின்றுவிடக்கூடாது.

மற்றப் புழுக்களுக்கும் ஸ்ட்ரான்ஜிலாய்டிஸுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கொக்கிப்புழுவும் உருளைப்புழுவும் வெளியிலிருந்து மறுபடி தொற்றாவிட்டால் சில ஆண்டுகளில் செத்துப்போகும். இது அப்படியல்ல. குடலில் பிறக்கும் குட்டிகளில் சில வெளியே போகாமல் குடல் சுவரையோ ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலையோ துளைத்துத் திரும்ப உள்ளே நுழைகின்றன. மனிதன் தோட்டத்தை விட்டு வந்தாலும் புழு அவனுக்குள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. இரண்டாம் உலகப் போரில் சயாம் மரண ரயில் பாதையில் வேலை செய்த பிரிட்டிஷ் போர்க் கைதிகள் ஊர் திரும்பி முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தப் புழுவோடு இருந்தது 1970களில் பரிசோதித்தபோது தெரிந்தது. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் அதே சேற்றில்தான் நின்றார்கள். "நான் தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ காலமாயிற்று" என்று ஒரு பெரியவர் சொன்னால், அது இந்தப் புழுவை விலக்கும் பதில் ஆகாது.

இப்போது ஸ்டீராய்டுக்கு வருகிறேன். உடலின் எதிர்ப்புச் சக்தி இந்தப் புழுவை ஒழிப்பதில்லை, அடக்கி வைத்திருக்கிறது. பிரெட்னிசலோன் போன்ற மருந்து அந்த எதிர்ப்பைத் தளர்த்தும்போது குட்டிகள் பெருகி, கூட்டம் கூட்டமாகக் குடலைத் துளைத்து உடலெங்கும் பரவலாம். போகும்போது குடல் பாக்டீரியாவையும் சுமந்துகொண்டு போகின்றன. இரத்தத்தில் நச்சு, நுரையீரல் அழற்சி, மூளையுறைக் காய்ச்சல் என்று முடிந்து, பலர் இறந்துவிடுகிறார்கள். இன்னும் மோசமானது, அந்தக் கட்டத்தில் ஈசினோபில் எண்ணிக்கை பெரும்பாலும் இயல்பாகவோ அதற்குக் கீழேயோ இருக்கும். எச்சரிக்கை மணி மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது அடங்கிப்போகிறது. மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயைப் பற்றி இந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. கவலை எல்லாம் விழுங்கும் மாத்திரையும் ஊசியும் பற்றித்தான்.

மலப் பரிசோதனையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தப் புழுவின் குட்டிகள் மிகக் குறைவாகவும் விட்டுவிட்டும் வெளியேறுவதால், ஒரே ஒரு மாதிரியைச் சாதாரண முறையில் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட தொற்றுகள் தப்பிவிடும். வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரியாவது கொடுக்கவேண்டும். மாதிரி புதிதாக இருக்கவேண்டும், குளிர்பெட்டியில் வைக்கக்கூடாது, ஏனென்றால் குட்டிகள் நெளிவதைப் பார்த்தே பலமுறை கண்டுபிடிக்கிறோம். இரவு முழுவதும் வீட்டில் வைத்துக் காலையில் கொண்டுவந்தாலும் சிக்கல்தான்: கொக்கிப்புழு முட்டை அதற்குள் பொரித்துவிட்டால் குட்டிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். மாதிரிச் சீட்டில் வெறும் "மலப் பரிசோதனை" என்று எழுதாமல், எந்தப் புழுவைச் சந்தேகிக்கிறார்கள் என்று மருத்துவர் எழுதினால் நாங்கள் கூடுதல் நேரம் தேடுவோம். அதோடு இரத்தத்தில் இந்தப் புழுவுக்கான எதிர்ப்பொருளையும் பார்க்கலாம். அது மலத்தைவிட நம்பகமானது, ஆனால் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் காத்திருக்கவேண்டும்.

அத்தையின் முதல் மாதிரிகளில் ஒன்றுமில்லை. கடைசியாக வந்ததை நானே கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீரோடு கலந்து, மூடித் தகட்டைப் போட்டு, குறைந்த உருப்பெருக்கத்தில் வரிசை வரிசையாக நகர்த்தினேன். தகட்டின் ஓரத்தில் ஒன்று சட்டென்று வளைந்து நிமிர்ந்தது. கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. உருப்பெருக்கத்தைக் கூட்டி வாய்ப் பகுதியைப் பார்த்தேன். கொக்கிப்புழுக் குட்டிக்கு வாய்க்குழி நீளமாக இருக்கும். இதற்குக் குட்டையாக, இருக்கிறதா இல்லையா என்கிற அளவில்தான் இருந்தது. மேலாளரைக் கூப்பிட்டு அவரும் பார்த்து உறுதி செய்த பிறகே அறிக்கையில் எழுதினோம். சில நாள் கழித்து எதிர்ப்பொருள் பரிசோதனையும் அதையே சொன்னது.

சிகிச்சை அதிகச் சிக்கலானதல்ல, ஆனால் சரியான மருந்தாக இருக்கவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பூச்சி மருந்து என்று கடையில் வாங்கி விழுங்கும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை இந்தப் புழுவுக்குப் போதாது. அத்தை அதைத் தவறாமல் சாப்பிட்டு வந்தவர்தான். இதற்கு முதல் மருந்து ஐவர்மெக்டின், உடல் எடை கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். அத்தையின் எடை 53 கிலோ, கணக்குப்படி 10.6 மில்லிகிராம், 3 மில்லிகிராம் மாத்திரை நான்காக முழுமையாக்கி, வெறும் வயிற்றில், அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுத்தார்கள். இதை யாரும் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். அளவையும், மறுமுறை தேவையா என்பதையும் மருத்துவர் முடிவு செய்யவேண்டும். கால்நடை மருந்தை அளவு குறைத்துச் சாப்பிடுவது இன்னும் ஆபத்து. ஸ்டீராய்டு அவசரமாகத் தேவைப்படும் ஒருவர் இத்தகைய பின்னணி உள்ளவர் என்றால், முடிவு வரும்வரை காத்திராமலே மருத்துவர்கள் ஐவர்மெக்டின் கொடுப்பதும் உண்டு.

சில மாதங்களில் அத்தையின் ஈசினோபில் 400க்கு இறங்கியது. ஓடும் கோடு பிறகு வரவில்லை. இரவு இருமல் வெகுவாகக் குறைந்தது. இழுப்பு முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். புகைமூட்டக் காலத்தில் இன்னும் வருகிறது, அதற்கு இழுக்கும் மருந்து வைத்திருக்கிறார். அலர்ஜியும் புழுவும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கலாம், ஒன்று கிடைத்ததும் மற்றதை மறந்துவிடக்கூடாது என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். 1,500க்கு மேல் நீண்ட நாள் இருந்தால் இதயத்தையும் பாதிக்கலாம் என்பதால் இதயத்தைப் பரிசோதித்தார். புழு மருந்துக்குப் பிறகும் எண்ணிக்கை இறங்காவிட்டால் இரத்தப் புற்று உள்ளிட்ட அரிய காரணங்களைத் தேடுவதாகத் திட்டம் வைத்திருந்தார். அது தேவைப்படவில்லை.

ஒரே மண்ணில் வாழ்ந்த குடும்பத்தாரையும் பார்க்கச் சொன்னார்கள். மாமாவின் அறிக்கை வந்தபோது ஈசினோபில் 0.01, அதாவது ஒரு மைக்ரோலிட்டரில் வெறும் 10. அலர்ஜி இல்லை, புழு இல்லை என்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். எனக்கு அது உறுத்தியது. ஈசினோபில் ஏறக்குறைய இல்லாமலே போகிறது என்றால் பெரும்பாலும் கடும் பாக்டீரியாக் காய்ச்சலோ ஸ்டீராய்டோ காரணமாக இருக்கும். மாமாவுக்குக் காய்ச்சல் இல்லை. "முட்டி வலிக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா மாமா?" என்று கேட்டேன். இரவுச் சந்தையில் வாங்கிய கேப்சூல் என்றார், மூலிகையாம், போட்ட மறுநாளே வலி பறந்துவிடுமாம். புட்டியில் மலேசியாவில் பதிவான மருந்துகளில் இருக்கவேண்டிய மால் பதிவு எண்ணும் இல்லை, ஹாலோகிராம் ஒட்டும் இல்லை. இத்தகைய பதிவில்லாத "மூலிகை" மருந்துகளில் டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

புட்டியோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம். கேப்சூலை அவராகவே சட்டென்று நிறுத்தவில்லை. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவரின் உடல் தன் சொந்த ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்துவிட்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் மயக்கமும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் வரலாம். டாக்டர் அதற்குப் பதில் அளவு தெரிந்த மாத்திரையைக் கொடுத்து, வாரக்கணக்கில் குறைத்துக்கொண்டே வந்தார். ஈசினோபில் இயல்பாக இருப்பதாலோ இல்லாமல் இருப்பதாலோ புழு இல்லை என்று ஆகாது என்பதால் எதிர்ப்பொருள் பரிசோதனையும் செய்தார்கள். மாமாவுக்கும் இருந்தது. குறைக்கத் தொடங்கும் முன்பே ஐவர்மெக்டின் கொடுத்துவிட்டார்கள். எதிர்ப்பொருள் அளவு இறங்க ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும் என்பதால் இருவருக்கும் அடுத்த பரிசோதனைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். முட்டிக்கு மாமா இப்போது உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போகிறார்.